இறால் கம்பெனியில் முதல் நாள்: திரையில் எது முதலில் வரவேண்டும்?

தூத்துக்குடிப் பக்கத்து இறால் கம்பெனிகள் போன்ற இடங்களில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் ஒரு பயிற்சி நடக்கும். ஓர் அறையில் உட்காரவைத்துச் சுவரில் ஸ்லைடு போட்டுக் காட்டுவார்கள். முடி வெளியே தெரியாமல் தொப்பி போட வேண்டும், நகம் வளர்க்கக்கூடாது, வளையல், மோதிரம், கம்மல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது. கை கழுவுவதற்கே நாலைந்து படங்கள் இருக்கும். எல்லாம் தேவையானவைதான். ஆனால் கொஞ்சம் கவனித்தால் ஒன்று புரியும். இவை தொழிலாளியிடமிருந்து இறாலைக் காப்பாற்றுகிற விதிகள். ஆலையிடமிருந்து தொழிலாளியைக் காப்பாற்றுகிற விதிகளோ பெரும்பாலும் கடைசியில், எல்லோரும் கொட்டாவி விடும் நேரத்தில்தான் வரும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. உயிர் போகிற விஷயம் முதலில், விரல் போகிற விஷயம் அடுத்து, சரக்கு கெடுகிற விஷயம் அதற்கப்புறம். சரக்கு விதிகளை மறந்துவிட்டால் சூப்பர்வைசர் நாள் முழுக்க நினைவுபடுத்திக்கொண்டே இருப்பார். அம்மோனியா கசியும்போது நினைவுபடுத்த யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

ஆகவே முதல் ஸ்லைடில் முதலாளியின் படமும் வரவேற்பு வாசகமும் வேண்டாம். ஆலையின் எளிய வரைபடம் ஒன்று போதும். இறால் உரிக்கும் கூடத்திலிருந்து வெளியே போகும் வழிகள், எல்லோரும் கூட வேண்டிய இடம், காற்றின் திசையைக் காட்டும் துணிப் பை. கதவுகளுக்கு அம்புக்குறி போடுவதைவிட அந்தந்தக் கதவையே போட்டோ எடுத்துப் போடுவது நல்லது. அந்தக் கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்கவும் வேண்டும். 1991 செப்டம்பர் 3 அன்று அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹாம்லெட் என்ற ஊரில் ஒரு கோழி இறைச்சி ஆலை தீப்பிடித்து 25 பேர் செத்துப்போனார்கள். பொரிக்கும் எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் அழுத்தக் குழாய் ஒன்று பிய்த்துக்கொண்டதுதான் தீக்குக் காரணம். ஆனால் அத்தனை பேர் செத்ததற்குக் காரணம் பூட்டிக் கிடந்த கதவுகள். இறைச்சி திருட்டுப் போகிறது என்று பூட்டிவைத்திருந்தார்களாம். இங்கேயும் சரக்கு வெளியே போய்விடும் என்ற பயம் உள்ள ஆலைகள் உண்டு. வழி காட்டும் ஸ்லைடைத் தயாரிக்கிறவர் முதலில் தானே எழுந்துபோய் ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது ஸ்லைடு அம்மோனியா. இதற்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். இறாலை மைனஸ் 40 டிகிரி வரை குளிர்விக்கிற ஃப்ரீசர்களில் பெரும்பாலும் ஓடுவது இந்த வாயுதான். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா கசிந்து, 30 பேர் அளவில் பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பலர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். தமிழில் மட்டும் ஸ்லைடு போட்டால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அம்மோனியாவிடம் ஒரு நல்ல குணம் உண்டு. கொஞ்சமாகக் கசிந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஐந்து பங்கு இருந்தாலே பலருக்கு வாடை தெரியும். எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பு 25 பங்கு. 300 பங்கு ஆகிவிட்டால் உயிருக்கே ஆபத்து. இந்த எண்களைப் புதியவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். நெடி அடித்த உடனே கிளம்பினால் நேரம் இருக்கிறது, ‘பழகிவிடும்’ என்று உட்கார்ந்திருந்தால் இல்லை என்பது மனதில் பதிந்தால் போதும். மூக்கும் பழகித்தான் போகும். வாடை குறைந்ததாகத் தோன்றுவதை வைத்து வாயு குறைந்துவிட்டது என்று நம்ப முடியாது.

அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. குழாயிலிருந்து கடுங்குளிரில் பீய்ச்சியடிக்கும்போது அது வெள்ளைப் புகைமூட்டமாகத் தரையோடு தவழும். இன்னொன்று, அது ஈரத்தைத் தேடிப்போகும். கண், தொண்டை, வியர்த்த அக்குள் எல்லாம் முதலில் எரிவது அதனால்தான். இறால் உரிக்கிறவரோ காலையிலிருந்து நனைந்த கையுறையும் நனைந்த ஏப்ரனுமாக நிற்கிறார். எனவே ஸ்லைடில் நான்கே படங்கள்: ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள், துணிப் பையைப் பார்த்துக் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே நட, வெளியே வந்ததும் நனைந்த உடையைக் களை, கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டே இரு. ஈரத்துணி வெளியே வருகிற அந்தச் சில அடி தூரத்துக்குத்தான். அதைக் கட்டிக்கொண்டு செருப்பையோ செல்போனையோ எடுக்க உள்ளே போனால் காப்பாற்றாது.

விரலுக்கு வருவோம். ஸ்லைடில் எல்லா இயந்திரங்களையும் வரிசையாகக் காட்டினால் ஒன்றும் நிற்காது. ஒன்றை எடுத்துக்கொண்டு கதையாகச் சொல்லலாம். இறாலை அளவுவாரியாகப் பிரிக்கும் கிரேடரில் உருளைகள் ஜோடி ஜோடியாகச் சுழலும். ஷிப்ட் முடிகிற நேரம், இடுக்கில் ஓடு சிக்கிக்கொள்கிறது. ஒருவர் சிவப்பு பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டுப் பின்பக்கம் குனிந்து கையை விடுகிறார். முன்பக்கம் நிற்பவருக்கு அவர் தெரியவில்லை. இயந்திரம் சும்மா நிற்கிறதே என்று பொத்தானை விடுவித்து ஓட்டிவிடுகிறார். ரப்பர் கையுறையின் நுனி மாட்டினால் போதும், கையும் கூடவே போகும்.

இதில் யாரும் விதியை மீறவில்லை என்றுதான் இருவரும் சொல்வார்கள். சிவப்பு பொத்தான் ஓட்டத்தை நிறுத்தும், கரண்டை வெட்டாது. கையை விடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, கை விடப்போகிறவரே அதில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். இரண்டு பேர் கை விடுவதென்றால் இரண்டு பூட்டு. புதியவருக்குப் பூட்டே கொடுப்பதில்லை என்றால் ஸ்லைடில் எழுத வேண்டியது ஒரே வரிதான்: சிக்கினால் தொடாதே, ஆப்பரேட்டரைக் கூப்பிடு. பூட்டுப் போடும் முறையை விளக்கமாகக் காட்டிவிட்டுப் பூட்டைக் கொடுக்காமல் இருப்பதைவிட இது நேர்மை.

குளிர் அறைக் கதவை உள்ளிருந்து திறக்கும் பிடி, கழுவும் மருந்துகள், வழுக்கும் தரை, கத்தி இவற்றுக்கு ஆளுக்கொரு ஸ்லைடு போதும். மருந்தில் மட்டும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிருமிநாசினியாகப் பயன்படும் ஹைப்போகுளோரைட்டும், உப்புக்கறை எடுக்கும் அமிலமும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டுக்கும் வேறு வேறு நிற வாளி வைத்து, அந்த வாளிகளையே படம் எடுத்துப் போட வேண்டும்.

முடிவில் கையெழுத்து வாங்குவார்கள். அதற்கு முன் எல்லோரையும் எழுப்பி, உரிக்கும் மேசையிலிருந்து கூடுமிடம் வரை நடக்கச் சொல்ல வேண்டும், வழிகாட்டி இல்லாமல். தவறான கதவுக்குப் போகிறவருக்கு ஸ்லைடு புரியவில்லை என்று அர்த்தம். அவரிடம் கையெழுத்து வாங்கி என்ன பயன்?

காண்ட்ராக்டர் வாரத்தின் நடுவில் அழைத்து வருகிற நாலைந்து பேருக்காக யாரும் புரொஜக்டரைப் போடப்போவதில்லை. அவர்களை நேராக மேசையில் நிறுத்திவிடுவார்கள். கதவு, அம்மோனியா, கிரேடர் என்ற மூன்று ஸ்லைடுகளைப் பெரிதாக அச்சடித்து லேமினேட் செய்து, உடை மாற்றும் அறையில் மாட்டிவைத்தால், சூப்பர்வைசர் பத்து நிமிடத்தில் அங்கேயே நின்று சொல்லிவிட்டு அவர்களையும் ஒருமுறை நடக்க வைத்துவிடலாம்.