மிக்ஸி விலை 2,969 ரூபாய்: யாருக்கு?

டெலிகிராமில் ஆஃபர் சேனல் நடத்துபவருக்கு வருமானம் லிங்க் வழியாகத்தான் வருகிறது. அமேசானின் அஃபிலியேட் திட்டத்தில் சேர்ந்தால் அவருக்கென ஓர் அடையாளக் குறி கிடைக்கும். பொருளின் லிங்கில் `tag=` என்பதை அடுத்து அது உட்காரும். அந்த லிங்க்கைத் தட்டி உள்ளே போனவர் 24 மணி நேரத்துக்குள் ஆர்டர் செய்தால் கமிஷன் உண்டு. பொருள் திரும்பிப் போனால் கமிஷனும் போய்விடும்.

வாசகர் கோபப்படுவது பெரும்பாலும் விலையில்தான். ஒரு மிக்ஸியை எடுத்துக்கொள்வோம். எம்ஆர்பி 6,995, தளத்தில் விலை 3,499 ரூபாய். பக்கத்தில் 200 ரூபாய் கூப்பன் இருக்கிறது. அதை டிக் செய்தால் 3,299. ஒரு குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டில் கட்டினால் இன்னும் 10 சதவீதம், அதாவது 330 ரூபாய் குறையும். கடைசியில் 2,969. பல சேனல்கள் இந்தக் கடைசி எண்ணை மட்டும் எடுத்து, ‘லூட் டீல்’ என்று தலைப்பில் போட்டுவிடுகின்றன. அந்தக் கார்டு இல்லாதவர் ஆசையோடு தட்டிப் பார்த்து, 3,499 என்பதைக் கண்டு சேனலை மியூட் செய்துவிட்டுப் போகிறார். அவர் திரும்பி வருவது கஷ்டம்.

எல்லோருக்கும் கிடைக்கும் விலையே தலைப்பில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: ‘3,299 ரூபாய், கூப்பனை டிக் செய்யவும்’. அடுத்த வரியில், ‘இன்ன வங்கி கிரெடிட் கார்டு இருந்தால் 2,969’. அதற்குக் கீழே, ‘காலை 10.40 மணிக்குப் பார்த்த விலை’.

போடுவதற்கு முன் லாகின் செய்யாத பிரவுசரில் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. பிரைம் உறுப்பினருக்கு மட்டுமான விலையாக இருந்தால் அங்கே தெரிந்துவிடும். வேறொரு ஊரின் பின்கோடையும் போட்டுப் பார்க்க வேண்டும். சென்னையில் விற்பவர் ஒருவர், தென்காசிக்கு அனுப்புபவர் வேறொருவர் என்றால் விலையும் மாறலாம்.

‘50 சதவீதம் தள்ளுபடி’ என்பது எம்ஆர்பியோடு ஒப்பிட்ட கணக்கு. கீப்பா போன்ற விலை வரலாற்றுக் கருவியில் இதே மிக்ஸி போன மாதம் கூப்பன் இல்லாமலே 3,299க்கு விற்றதாகத் தெரிந்தால், இது ஆஃபரே இல்லை. போடாமல் விடலாம், அல்லது ‘வழக்கமான விலைதான், தேவைப்பட்டால் வாங்குங்கள்’ என்று எழுதலாம். அப்படி எழுதும் சேனலின் அடுத்த ‘குறைந்த விலை’யை ஜனங்கள் நம்புவார்கள்.

ஆஃபர் முடிந்ததும் பதிவை எடிட் செய்து, மேலே ‘முடிந்தது’ என்று சேர்க்க வேண்டும். எடிட் செய்தால் நோட்டிஃபிகேஷன் போகாது, யாருக்கும் தொந்தரவில்லை. அழித்துவிட்டால், காலையில் பார்த்தவர் மாலையில் வந்து தேடிக் குழம்புவார்.

லிங்க் மூலம் கமிஷன் வருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. அமேசானின் விதியே அதைக் கேட்கிறது. சேனல் விவரத்தில் ஒருமுறை எழுதினால் மட்டும் போதாது. ஃபார்வர்டு ஆகி வேறு குரூப்புக்குப் போகும் பதிவில் அந்த விவரம் கூடவே போகாது. அதனால் ஒவ்வொரு பதிவின் கீழும், ‘இந்த லிங்க்கில் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும்’ என்று ஒரு வரி இருக்க வேண்டும்.