மதுரையில் எத்தனை கிலோ இட்லி மாவு விற்கும்?

ஒரு புதிய பொருளுக்கு ஓராண்டில் எவ்வளவு விற்பனை இருக்கிறது என்று முன்கூட்டியே கணக்கிடுவதைச் சந்தை அளவு மதிப்பீடு என்கிறார்கள். வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கையிலும் முதலீட்டாளரிடம் நீட்டும் விவரத்திலும் இந்த எண்தான் முதலில் பார்க்கப்படும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மொத்த மக்கள்தொகை, மொத்தச் செலவு போன்ற பெரிய எண்ணிலிருந்து படிப்படியாகக் கழித்துக்கொண்டு வருவது மேலிருந்து கீழ் முறை. ஒரு கடை, ஒரு வாடிக்கையாளர் என்ற சிறிய அலகை நேரில் எண்ணி, அதைப் பெருக்கிக்கொண்டு போவது கீழிருந்து மேல் முறை. இரண்டையும் தனித்தனியே போட்டு, விடைகளை ஒப்பிடும்போதுதான் மதிப்பீடு நம்பத்தக்கதாகிறது.

மதுரையில் ஒரு கிலோ பாக்கெட்டில் இட்லி மாவு விற்க நினைக்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். கீழே வரும் எண்களில் அரசுக் கணக்கெடுப்பு என்று குறிப்பிட்டவை தவிர மற்றவை கணக்கை விளக்க வைத்துக்கொண்ட அனுமானங்கள். உண்மையில் தொழில் தொடங்குபவர் அந்த இடங்களில் தாமே திரட்டிய எண்களைப் போட வேண்டும்.

மேலிருந்து கீழ்

மேலிருந்து தொடங்கும்போது எந்த மொத்தத்தை எடுப்பது என்பதே முதல் கேள்வி. மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு ரூ.6,459. அதில் 10.6 சதவீதம் பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்குப் போகிறது. தலைக்கு மாதம் ஏறக்குறைய ரூ.685. பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ரூ.820 கோடி. இதில் ஒரு சதவீதம் கிடைத்தாலே எட்டுக் கோடி என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்த ரூ.820 கோடிக்குள் டீக்கடைச் செலவு, பிஸ்கட், ஹோட்டல் சாப்பாடு எல்லாம் அடங்கியிருக்கின்றன. மாவு வாங்குபவர் எத்தனை பேர் என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஒரு சதவீதம் ஏன் கிடைக்கும் என்பதற்கும் அதில் காரணம் இல்லை.

ஆகவே பொருளுக்கு நெருக்கமான மொத்தம் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை நகரின் மக்கள்தொகை 10 லட்சத்தைச் சற்றே தாண்டியது. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 2.5 லட்சம் குடும்பங்கள். வாரத்தில் சில நாளாவது வீட்டில் இட்லி, தோசை செய்பவை 90 சதவீதம் என்று வைத்தால் 2.25 லட்சம். இவற்றில் மாவை அரைக்காமல் கடையில் வாங்குபவை மூன்றில் ஒரு பங்கு என்றால் 75,000 குடும்பங்கள். ஒவ்வொன்றும் வாரம் இரண்டு கிலோ வாங்கினால் ஆண்டுக்கு 78 லட்சம் கிலோ. கிலோ ரூ.50 என்ற விலையில் சந்தையின் மதிப்பு ரூ.39 கோடி.

இந்தக் கணக்கை ஒரே மாலையில் மேசையில் உட்கார்ந்தபடி முடித்துவிடலாம். அதன் பலவீனமும் அங்கேதான். அனுமானங்கள் ஒன்றையொன்று பெருக்குவதால் சிறு பிழைகள் கூடிப் பெரிதாகின்றன. வாங்கும் குடும்பங்கள் மூன்றில் ஒன்று அல்ல, நான்கில் ஒன்றுதான். வாங்குவதும் இரண்டு கிலோ அல்ல, ஒன்றரை கிலோதான் என்று வையுங்கள். இரண்டும் சாதாரண வேறுபாடுகளாகவே தெரியும். ஆனால் ரூ.39 கோடி ரூ.22 கோடியாகிவிடும்.

கீழிருந்து மேல்

இரண்டாவது முறைக்குத் தெருவில் இறங்க வேண்டும். இங்கே அலகு ஒரு கடை. மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள் உள்ளன. எல்லாவற்றையும் சுற்ற முடியாது என்பதால், பழைய நகரின் நெருக்கமான தெருக்கள், நடுத்தரக் குடியிருப்புகள், புறநகர் என்று தன்மை வேறுபட்ட ஐந்து வார்டுகளைத் தேர்ந்தெடுத்து, மாவு விற்கும் கடைகளை ஒன்றுவிடாமல் எண்ணுகிறார்கள்.

ஒரு கடையில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ விற்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டால் ஒரு ரவுண்டான எண் வரும். அது அவர் நினைவில் நிற்கும் நல்ல நாளின் விற்பனையாக இருக்கலாம். வரி பற்றிய எச்சரிக்கையில் குறைத்துச் சொன்னதாகவும் இருக்கலாம். அதனால் பாக்கெட்டையே எண்ணுவது மேல். காலையில் ஃபிரிட்ஜில் இருப்பது, பகலில் வேன் இறக்கியது, இரவு கடை மூடும்போது மிஞ்சியது ஆகிய மூன்றும் தெரிந்தால் விற்றது தெரியும். புளித்துப்போய்த் திருப்பி எடுத்துச் செல்லப்படும் பாக்கெட்டுகளைக் கழிக்க மறக்கக் கூடாது. மாவு சில நாள்களில் கெட்டுவிடும் சரக்கு. கடைக்குப் போனதெல்லாம் வீட்டுக்குப் போனதாகாது. எண்ணிக்கை வாரம் முழுவதும் நடக்க வேண்டும். ஞாயிறு காலைப் பலகாரத்துக்காகச் சனிக்கிழமை மாலை வாங்குபவர்கள் அதிகம் என்றால், சனிக்கிழமையை மட்டும் எண்ணி ஏழால் பெருக்குவது சந்தையை ஊதிப் பெருக்கிவிடும்.

இப்படி எண்ணியதில் சராசரியாக வார்டுக்கு 12 கடைகள், கடைக்கு நாளொன்றுக்கு 15 கிலோ என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு வார்டுக்கு 180 கிலோ, 100 வார்டுகளுக்கு 18,000 கிலோ. ஆண்டுக்கு 65.7 லட்சம் கிலோ. மதிப்பு ஏறக்குறைய ரூ.33 கோடி.

இரண்டு விடைகளும் மோதும் இடம்

ஒரு பக்கம் 78 லட்சம் கிலோ, மறுபக்கம் 66 லட்சம் கிலோ. கிட்டத்தட்ட ஒத்துவருகிறது என்று நிம்மதியாக மூடிவைக்கத் தோன்றும். ஆனால் எல்லையைச் சரிபார்த்தால் அந்த நிம்மதி கலைகிறது. 2011 கணக்கெடுப்பின் 10 லட்சம், விரிவாக்கத்துக்கு முந்தைய மதுரை நகரத்தைக் குறிக்கிறது. 100 வார்டுகள் விரிந்த மாநகராட்சியைக் குறிக்கின்றன. அதே கணக்கெடுப்பில் சுற்றுப்புறத்தையும் சேர்த்த மதுரை நகர்த்தொகுதியின் மக்கள்தொகை 14.6 லட்சம். விரிந்த மாநகராட்சியை 14 லட்சம் என்று வைத்தால், மேலிருந்து கீழ் கணக்கு 109 லட்சம் கிலோ ஆகிறது. இப்போது இடைவெளி 43 லட்சம் கிலோ. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால் அடிப்படை எண்ணே பழையது. இன்றைய மக்கள்தொகையைப் போட்டால் இடைவெளி இன்னும் விரியும்.

இப்படி இடைவெளி வந்தால் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பது தவறு. கீழிருந்து வந்த விடையை மேலிருந்து வந்த கணக்கின் மொழிக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். நாளுக்கு 18,000 கிலோ என்றால் வாரத்துக்கு 1.26 லட்சம் கிலோ. வாங்கும் குடும்பம் வாரம் இரண்டு கிலோ வாங்குவது உண்மையானால், வாங்குபவை 63,000 குடும்பங்களே. விரிந்த நகரில் இட்லி, தோசை செய்யும் 3.15 லட்சம் குடும்பங்களில் இது ஐந்தில் ஒரு பங்கு. அதாவது மேசைக் கணக்கு மூன்றில் ஒரு குடும்பம் வாங்குகிறது என்கிறது; கடைக் கணக்கு ஐந்தில் ஒன்று என்கிறது. பெரிய எண்களின் சண்டை, வீடு வீடாகக் கேட்டுத் தீர்க்கக்கூடிய ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டது.

அந்த ஐந்து வார்டுகளில் இருநூறு வீடுகளில், போன வாரம் மாவு வாங்கினீர்களா, எத்தனை கிலோ, எங்கே என்று கேட்கலாம். வாங்குவீர்களா என்று வருங்காலத்தைக் கேட்டால் பலரும் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். நடந்து முடிந்ததைக் கேட்பதே பயன் தரும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் முக்கியமானது. பலர் மளிகைக் கடையில் வாங்காமல், தெருவில் கிரைண்டர் வைத்து அரைத்து விற்கும் வீட்டில் பாத்திரம் கொண்டுபோய் வாங்கினால், அந்த விற்பனை கடைக் கணக்கில் விழுந்திருக்காது. அப்போது சந்தை இருக்கிறது. எண்ணிய இடம்தான் போதவில்லை. மாறாக, வாங்கும் குடும்பங்களே ஐந்தில் ஒன்றுதான் என்று தெரிந்தால் மேசைக் கணக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சந்தையிலிருந்து சொந்த விற்பனைக்கு

நகரில் விற்கும் மாவு முழுவதும் புதிய நிறுவனத்துக்கு வந்துவிடாது. ஆகவே மதிப்பீட்டை மூன்று அடுக்குகளாகப் பிரிப்பது வழக்கம்: மொத்தச் சந்தை, அதில் இந்தப் பொருள் எட்டக்கூடிய பகுதி, தொடக்க ஆண்டுகளில் உண்மையில் கைக்கு வரும் பகுதி. குளிரில் வைக்க வேண்டிய பாக்கெட் என்றால் ஃபிரிட்ஜ் உள்ள கடைகள் மட்டுமே எட்டக்கூடிய பகுதி. கைக்கு வருவதைத் தீர்மானிப்பது வேன். ஒரு வேன் காலையில் 60 கடைகளுக்குப் போகுமானால் இரண்டு வேன்கள் 120 கடைகள். கடைக்கு ஐந்து பாக்கெட் வீதம் 600 கிலோ. திரும்பி வருவது பத்து சதவீதம் போக 540 கிலோ. ஆண்டுக்கு ஏறக்குறைய 1.97 லட்சம் கிலோ. கடைகளில் எண்ணிய சந்தையில் மூன்று சதவீதம். இந்த மூன்று சதவீதம் வேன்களையும் கடைகளையும் எண்ணி வந்தது. அதனால் எங்கே இடிக்கும் என்பதும் முன்பே தெரியும்.

விலையிலும் ஒரு கண் வேண்டும். ரூ.50 என்பது வீட்டார் கொடுக்கும் விலை. கடைக்காரரின் கமிஷன் 15 சதவீதம் போனால் நிறுவனத்துக்கு வருவது ரூ.42.50. வருமானம் ரூ.98 லட்சம் அல்ல, ரூ.84 லட்சம். சந்தையைச் சில்லறை விலையிலும் சொந்த விற்பனையைக் கமிஷன் போன விலையிலும் போட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிடுவது திட்ட அறிக்கைகளில் எளிதில் நுழையும் பிழை.

பொருளே சந்தையை மாற்றும்போது

இரண்டு முறைகளும் இன்றைய பழக்கத்தையே அளக்கின்றன. புதிய பொருள் பழக்கத்தையே மாற்றினால் இரண்டும் தவறும். 2014 ஜூனில் முதலீட்டாளர்கள் உபெர் நிறுவனத்துக்கு 1,700 கோடி டாலர் மதிப்புப் போட்டார்கள். சென்னையில் பிறந்தவரும் நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியருமான அஸ்வத் தாமோதரன், உலக டாக்ஸிச் சந்தையை 10,000 கோடி டாலர் என்றும் அதில் உபெரின் பங்கு பத்து சதவீதம் என்றும் கொண்டு, நிறுவனத்தின் மதிப்பு சுமார் 600 கோடி டாலர்தான் என்றார். உபெரின் முதலீட்டாளர்களில் ஒருவரான பில் கர்லி மறுத்தார். கூப்பிட்டவுடன் வண்டி வரும்போது, முன்பு டாக்ஸி பிடிக்காதவர்களும் பிடிப்பார்கள். சொந்தக் காரை விடுபவர்களும் இருப்பார்கள். ஆகவே பழைய டாக்ஸிச் சந்தை அளவுகோலாகாது என்பது அவர் வாதம். 2015இல் மறுபடி கணக்குப் போட்டபோது தாமோதரனும் சந்தையைப் பெரிதாகவே எடுத்துக்கொண்டார்.

மாவிலும் இது நேரலாம். இன்று வீட்டில் அரைக்கும் குடும்பங்கள் நல்ல பாக்கெட் கிடைத்தால் மாறக்கூடும். ஆனால் அந்த எதிர்பார்ப்பை இன்றைய சந்தையோடு கலக்காமல் தனி வரியாக எழுத வேண்டும். இன்று வாங்கும் குடும்பங்களை வைத்து ஒரு எண், அரைப்பவர்களில் பத்தில் ஒருவர் மாறினால் இன்னொரு எண். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த ஆண்டின் தகவல், எந்த எல்லை, எந்த விலை என்று குறித்துவைத்தால், விற்பனை தொடங்கிய சில மாதங்களிலேயே எந்த அனுமானம் நின்றது, எது விழுந்தது என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கணக்கைத் திருத்திக்கொள்ள முடியும்.