வேண்டாம் என்று சொல்ல ஒரு வாக்கியம்

1990 ஜனவரி 1 அன்று கணினி அறிஞர் டொனால்ட் குனூத் மின்னஞ்சலைக் கைவிட்டார். சுமார் 15 ஆண்டுகள் பயன்படுத்தியது போதும் என்றார். உலகமே மின்னஞ்சலுக்கு மாறத் தொடங்கிய நேரம் அது.

அவர் அப்படிச் செய்ததற்குக் காரணம், தன் வேலை இன்னது என்று அவர் வகுத்துவைத்திருந்ததுதான். கணினி அறிவியலின் ஒரு பகுதியை அடியாழம் வரை படிப்பது, அதற்கு நேரமில்லாதவர்களுக்கும் பயன்படும்படி தொகுத்து எழுதுவது: இவ்வளவே அவரது குறிக்கோள். அதற்கு நீண்ட, தடையற்ற நேரம் வேண்டும். அதைத் துண்டு துண்டாக்கும் எதையும் விலக்கினார். 1993-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பணியிலிருந்தும் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்.

இந்தத் தெளிவுக்குப் பின்னால் ஓர் அனுபவம் இருந்தது. 1962-இல் அவர் தொடங்கிய 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' நூலின் முதல் மூன்று பாகங்கள் 1968, 1969, 1973 ஆண்டுகளில் வந்துவிட்டன. 1977-இல் இரண்டாம் பாகத்தின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படி கண்ணுக்கு உறுத்தியது. அச்சுக்கோக்கும் மென்பொருளைத் தானே எழுதிவிடலாம் என்று இறங்கினார். ஓராண்டுக்குள் முடியும் என்று நினைத்த வேலை ஏறத்தாழ 10 ஆண்டுகளை விழுங்கியது. அப்படிப் பிறந்த 'டெக்' மென்பொருளில்தான் இன்றும் உலகெங்கும் கணிதக் கட்டுரைகள் அச்சாகின்றன. ஆனால் நான்காம் பாகத்தின் முதல் புத்தகம் வெளிவந்தது 2011-இல்தான். குறிக்கோளோடு ஒட்டி வரும் வாய்ப்பும் காலத்தைத் தின்னும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

குறிக்கோள் வாசகம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. 'நேர்மையாக வாழ்ந்து சமூகத்துக்கு உதவுவேன்' என்று எழுதினால் அது எந்த வாய்ப்பையும் தடுக்காது. யாருக்காக, எதைச் செய்து முடிப்பேன் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

ஒரு கணித ஆசிரியர், 'பத்தாம் வகுப்பில் பின்தங்கும் மாணவர்களுக்கான பயிற்சி நூலை எழுதி முடிப்பேன்' என்று எழுதிவைத்திருக்கிறார் என்று கொள்வோம். தொலைக்காட்சிக் கல்வி விவாதத்துக்கு அழைப்பு வருகிறது. பெயர் கிடைக்கும், நூலுக்கு ஒரு பக்கம்கூடச் சேராது. அதே வாரம், தேர்வில் தவறியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கக் கேட்கிறார்கள். சம்பளம் குறைவு. ஆனால் பிள்ளைகள் எந்தக் கணக்கில், எந்தப் படியில் தடுமாறுகிறார்கள் என்பது நேரில் தெரியும். அது நேராக நூலுக்குள் போகும். முதலாவதை மறுத்து, இரண்டாவதை முடிவுத் தேதியோடு ஏற்பதே சரி.

எங்கும் கொண்டுசேர்க்காத வாய்ப்பை அடையாளம் காண ஒரு வழி, அதை ஏற்க நாம் சொல்லும் காரணத்தைக் கவனிப்பது. 'நாலு பேர் பழக்கம் கிடைக்கும், பின்னால் உதவும்' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியவில்லையா? யார் உதவுவார், எதற்கு என்று பெயர் சொல்ல முடியவில்லையா? அப்படியானால் விட்டுவிடலாம்.

வாசகத்தை எழுதியதும், கடந்த ஆண்டு நீங்கள் ஒப்புக்கொண்ட ஐந்து வேலைகளை அதன்முன் வைத்துப் பாருங்கள். ஐந்தும் தேறிவிட்டால், வாசகம் இன்னும் தளர்வாக இருக்கிறது, திருத்தி எழுதுங்கள்.