சளி மஞ்சளாகிவிட்டதா? ஆன்டிபயாடிக் வாங்கும் முன் நாள்களை எண்ணுங்கள்!

பரணில் இருந்த பழைய பெட்டிகளை இறக்கித் தூசி தட்டுகிறார் ஒரு குடும்பத் தலைவி. அடுத்த சில நிமிடங்களிலேயே அடுக்கடுக்காகத் தும்மல். மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது, கண்ணும் மூக்கும் மேலண்ணமும் அரிக்கின்றன. காய்ச்சல் இல்லை. 'எனக்கு சைனஸ் வந்துடுச்சு' என்று மெடிக்கல் ஷாப்பில் மூன்று நாளுக்கு அசித்ரோமைசின் வாங்கிப் போடுகிறார். பல வீடுகளில் நடப்பதுதான் இது.

ஆனால், அவருக்கு வந்திருப்பது மூக்கு அலர்ஜி. இதில் கிருமியே இல்லை என்பதால் ஆன்டிபயாடிக்குக்கு வேலையும் இல்லை. அரிப்பும் தொடர் தும்மலும்தான் அலர்ஜியின் அடையாளம். இதற்கு செட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள் கைகொடுக்கும். செட்ரிசின் சிலருக்குத் தூக்கம் வரவழைக்கும் என்பதால் வண்டி ஓட்டுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மூக்கடைப்பை இந்த மாத்திரைகள் பெரிதாகக் குறைக்காது. அடைப்பே தொல்லை என்றால், டாக்டர் பரிந்துரைக்கும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேதான் பலன் தரும். அதையும் சில நாள்களாவது தொடர்ந்து பயன்படுத்த வேண்டும்.

அதே பெண்ணுக்கு அடுத்த மாதம், பள்ளிக்குப் போகும் மகனிடமிருந்து ஜலதோஷம் தொற்றுகிறது. நான்காம் நாள் சளி கெட்டியாகி மஞ்சளாகிறது. மூக்கடைப்பு, கன்னத்தில் பாரம், வாசனை தெரியவில்லை. இது சைனஸ் அழற்சிதான். ஆனாலும், பெரும்பாலும் வைரஸால் வருவது, தானாகவே சரியாகிவிடும். மஞ்சள், பச்சை என்ற நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியா தொற்று என்று முடிவுகட்ட முடியாது.

இந்த நாள்களில் உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது இதமளிக்கும். 240 மி.லி. தண்ணீரில், அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகவும், சமையல் சோடா ஒரு சிட்டிகையும் போட்டுக் கலக்க வேண்டும். குனிந்து, தலையைச் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேல்பக்க நாசியில் மெதுவாக ஊற்றினால் மறுநாசி வழியே வெளியேறும். தண்ணீர் கொதித்து ஆறியதாகவே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால், மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியே நுழையும் அபாயம் உண்டு. அரிதுதான் என்றாலும் உயிரைப் பறிக்கக்கூடியது. பாத்திரத்தையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்க வேண்டும்.

ஆறாம் நாள் அவருக்குத் தேவலையாகிறது. எட்டாம் நாள் மீண்டும் காய்ச்சல், கன்னத்தில் முன்பைவிட அதிக வலி. இப்படிக் குறைந்து திரும்புவது பாக்டீரியா சேர்ந்துகொண்டதைக் காட்டும். பத்து நாள்களாகியும் சற்றும் குறையாமல் இருப்பதும், ஆரம்பத்திலேயே 102 டிகிரி காய்ச்சலுடன் கெட்டிச் சளியோ முகவலியோ மூன்று, நான்கு நாள் தொடர்வதும் அப்படியே. ஆன்டிபயாடிக் தேவைப்படுவது இங்கேதான். அப்போதும் டாக்டர்கள் பொதுவாக முதலில் தருவது அமாக்ஸிசிலின் வகை மருந்து. சைனஸ் கிருமிகள் பல அசித்ரோமைசினுக்கு அடங்காமல் பழகிவிட்டன.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி என்றால் மட்டும் நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.