டின்னில் அடைத்த சூரை மீன்: வாரத்திற்கு எத்தனை உண்ணலாம்?

பெங்களூருவின் பல்பொருள் அங்காடிகளில், டின்னில் அடைத்த டூனா இப்போது எளிதில் கிடைக்கிறது. தமிழில் சூரை எனப்படும் மீன்தான் அது. வீட்டை விட்டு வந்து விடுதி அறையில் தங்கிப் பணிபுரியும் இளைஞர்களுக்கு இது மிக வசதியான உணவு. கழுவ வேண்டியதில்லை, முள் இல்லை, ஒரு டின்னில் ஏறக்குறைய 30 கிராம் புரதம் கிடைக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்வோரில் இதனை நாள்தோறும் உண்பாரும் உளர். இம்மீனில் பாதரசம் உண்டு என்பதை அவர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பர். உண்டு என்பது உண்மையே. அது எவ்வளவு கவலைக்குரியது என்பது, டின்னில் உள்ளது எந்தச் சூரை, அதை உண்பவர் யார் என்னும் இரண்டையும் பொறுத்தது.

பாதரசம் என்றதும் தமிழர் பலருக்குக் கொடைக்கானலில் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்ட வெப்பமானி ஆலை நினைவுக்கு வரும். அங்குப் பிரச்சினையானது உலோகப் பாதரசமும் அதன் ஆவியும். மீனில் இருப்பதோ மெத்தில் பாதரசம் என்னும் வேறு வடிவம். நிலக்கரி எரிப்பதாலும் எரிமலைகளாலும் காற்றில் கலக்கும் பாதரசம் கடலில் படிகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் அது செறிந்துகொண்டே செல்கிறது. மீனின் தசைப் புரதத்தோடு பிணைந்து நிற்பதால், டின்னில் உள்ள எண்ணெயை வடித்தாலும், மீனைக் கழுவினாலும், வறுத்தாலும் அது நீங்குவதில்லை. அதற்குச் சுவையோ மணமோ கிடையாது. டின்னில் அடைக்கும் முறையினால் அது கூடுவதும் இல்லை. மீன் கடலில் வாழும்போதே சேர்த்துக்கொண்டது அது.

ஆகவே மீனின் வயதே இங்கு முக்கியம். இலட்சத்தீவில் தூண்டில் கம்பு கொண்டு பிடிக்கப்படும் வரிச்சூரை பெரும்பாலும் சில கிலோ எடையே கொண்ட இளம் மீன். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் குழம்பில் இடித்துப் போடும் மாசிக் கருவாடு இதிலிருந்துதான் பெரிதும் செய்யப்படுகிறது. ஆங்கிலத்தில் இதன் பெயர் ஸ்கிப்ஜாக். 'லைட்' என்று குறித்து விற்கப்படும் டின்களில் பெரும்பாலும் இருப்பது இதுவே. 'ஒயிட்' எனக் குறிக்கப்படுவது அல்பகோர் என்னும் வேறு இனம். அது பெரியது, நீண்ட நாள் வாழ்வது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் திரட்டிய சோதனைகளின்படி, லைட் வகையில் கிராமுக்குச் சராசரி 0.126 மைக்ரோகிராம் பாதரசம் உள்ளது, அல்பகோரில் 0.35. புதிதாக விற்கப்படும் பெருங்கண் சூரையில் இது 0.69. மத்தி மீனிலோ வெறும் 0.013.

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் இணைந்து அமைத்த வல்லுநர் குழு, 2003-ஆம் ஆண்டு ஒரு வரம்பை வகுத்தது: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்திற்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது வாரம் 96 மைக்ரோகிராம். வழக்கமான 185 கிராம் டின்னில், நீரை வடித்தபின் சுமார் 130 கிராம் மீன் எஞ்சும் எனக் கொள்வோம். மீனிலுள்ள பாதரசத்தில் பெரும்பகுதி மெத்தில் வடிவமே ஆதலால், முழுவதையும் அவ்வாறே கணக்கிடலாம். லைட் டின் ஒன்றில் 16, அல்பகோர் டின் ஒன்றில் ஏறக்குறைய 45 மைக்ரோகிராம். லைட் வகையை நாளுக்கு ஒன்று வீதம் உண்பவர் வாரத்தில் 115-ஐ எட்டி வரம்பைத் தாண்டிவிடுகிறார். அல்பகோராயின் இரண்டு டின்னிலேயே வரவு தீர்ந்துவிடும்.

அவ்வரம்பு கருவிலுள்ள குழந்தையின் மூளையைக் காக்க வகுக்கப்பட்டது. அதன் இருமடங்கு வரை உட்கொண்டாலும் வளர்ந்தோருக்கு நரம்புப் பாதிப்பு நேராது என அதே குழு 2006-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் கருவுறும் வயதிலுள்ள பெண்களுக்கு அச்சலுகையை அளிக்கவில்லை. எனவே நாள்தோறும் உண்ணும் அந்த இளைஞர் அஞ்ச வேண்டியதில்லை. எனினும் தொடரத்தக்க பழக்கம் அது அன்று. குழந்தைகளின் நிலை வேறு. 20 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு வார வரம்பு 32 மட்டுமே. ஒரே அல்பகோர் டின் அதனைக் கடந்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவுகோல் இன்னும் கடுமையானது. அதன்படி 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 42 மைக்ரோகிராம், அதாவது இரண்டரை லைட் டின். இதனையே பின்பற்றுதல் நலம் என்பது எங்கள் கருத்து.

உடலில் சேர்ந்த மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள்கள் ஆகும். இதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. வாரந்தோறும் ஒரே அளவு உண்டால் அது என்றென்றும் ஏறிக்கொண்டே போவதில்லை. சுமார் எட்டு மாதங்களில், வார அளவைப் போல் பத்து மடங்கில் நின்றுவிடும். வரவும் செலவும் அங்கே சமமாகின்றன. ஆனால் நிறுத்தியவுடன் இருப்புக் குறைவதும் இல்லை. கருவுற்றது தெரிந்தபின் ஒரு பெண் சூரையை விடுத்தால், 50 நாள்களுக்குப் பின்னும் பாதி உடலில் இருக்கும், 100 நாள்களுக்குப் பின்னும் கால் பங்கு இருக்கும். கருவின் மூளை உருவாகத் தொடங்குவதோ அந்த முதல் மாதங்களில்தான். ஆகையால் மகப்பேற்றைத் திட்டமிடும் பெண்கள் சில மாதங்களுக்கு முன்பே அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மீனை அடியோடு விலக்கவும் வேண்டாம்; அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அதே மூளைக்கு வேண்டியது.

"சட்டப்படி விற்கிறார்களே, பாதுகாப்பில்லாமல் இருக்குமா?" என்று கேட்கத் தோன்றும். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2018-இல் சூரைக்கு வகுத்த உச்சவரம்பு கிராமுக்கு 1.2 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். அந்த அளவைச் சரியாகத் தொட்டு நிற்கும் 130 கிராம் மீனில் 156 மைக்ரோகிராம் இருக்கும். மேற்கண்ட 96-ஐ அது ஒரே வேளையில் தாண்டும். விற்பனைக்கான வரம்பு, ஒரு மீனைச் சந்தையில் அனுமதிக்கலாமா என்பதைத்தான் சொல்கிறது. அதை எத்தனை முறை உண்ணலாம் என்பதை அன்று.

வாங்கும்போது சீட்டில் மீனின் இனம் குறிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். ஸ்கிப்ஜாக் என்றிருந்தால் வாரம் இரண்டு டின் வளர்ந்தோருக்குத் தகும். அல்பகோர் என்றோ யெல்லோஃபின் என்றோ இருந்தால் ஒன்றோடு நிறுத்துக. குழந்தைகளுக்கு அவை வேண்டாம். வெறும் 'டூனா' என்று மட்டும் இருந்தால் அதனையும் இந்த இரண்டாம் வகையாகவே கருதுவது நல்லது. அவ்வாரத்தில் வஞ்சிரமும் சமைத்தால் அதனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அமெரிக்கப் பட்டியல்களில் விலக்கச் சொல்லும் 'கிங் மேக்கரல்' வேறு இனம், நம் வஞ்சிரம் அதன் உறவினம். எனினும் இதுவும் பிற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீனே. புரதத்திற்காக நாள்தோறும் மீன் வேண்டுவோருக்கு மத்தி ஏற்றது. அதுவும் டின்னில் கிடைக்கிறது. மேற்கண்ட கணக்கில் ஒரு டின்னுக்கு இரண்டு மைக்ரோகிராமுக்கும் குறைவு. ரசல் மார்க்கெட் பக்கம் செல்ல இயலுமானால் புதிய மத்தியும் நெத்திலியும் இன்னும் மலிவு.