மேலே கொடுத்தால் கீழே வரை போகும்

ஒரு ஃபோல்டரின் லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, "கூட்டக் குறிப்பு இதில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுவது இன்று எல்லா அடுக்ககங்களிலும் நடக்கிற வேலை. அந்த ஃபோல்டருக்குள் வேறு என்னென்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர் குறைவு. கூகுள் டிரைவ் அதைக் கேட்பதும் இல்லை. ஃபோல்டரைப் பகிர்ந்தால் அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் பகிர்ந்ததாகவே அது எடுத்துக்கொள்கிறது.

48 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தை வைத்துப் பார்க்கலாம். சங்கச் செயலாளர் தன் டிரைவில் 'சங்கம்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறார். அதற்குள் மூன்று ஃபோல்டர்கள்: 'கூட்டக் குறிப்புகள்', 'பராமரிப்புக் கணக்கு', 'குடியிருப்போர் ஆவணங்கள்'. மூன்றாவதில்தான் வாடகைதாரர்களின் ஆதார் நகல்களும் வாடகை ஒப்பந்தங்களும் இருக்கின்றன. ஒருவர் பொதுக்குழுக் குறிப்பைக் கேட்கிறார். செயலாளர் அவசரத்தில் 'சங்கம்' ஃபோல்டரின் Share பெட்டியைத் திறந்து, Restricted என்றிருப்பதை Anyone with the link என்று மாற்றி, பக்கத்தில் Viewer என்று இருப்பதை உறுதி செய்துகொண்டு, லிங்க்கைக் குழுவில் ஒட்டுகிறார். பார்க்க மட்டும்தானே கொடுத்திருக்கிறோம், யாரும் எதையும் அழிக்க முடியாது என்பது அவருடைய நிம்மதி.

அழிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் 48 வீட்டுக்காரர்களும், அவர்கள் லிங்க்கை அனுப்பிவைக்கும் உறவினரும் தரகரும், மூன்று ஃபோல்டர்களையும் திறக்கலாம். கூகுள் கணக்கு இல்லாதவருக்குக்கூட அந்த லிங்க் திறக்கும். ஆதார் நகலைப் பொறுத்தவரை பார்ப்பதே போதுமான சேதம்.

இங்கே செயலாளர் கவனிக்காமல் விட்டது நேரம் என்கிற விஷயம். அனுமதி, ஃபோல்டரில் இன்று இருக்கும் ஃபைல்களோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த மாதம் புதிதாகக் குடிவந்தவரின் ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து அந்த உள் ஃபோல்டரில் போட்டால், போட்ட நொடியிலேயே பழைய லிங்க் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அதுவும் திறந்துவிடும். வாய்க்காலில் மேல்மடையைத் திறந்தால் கீழ்வயல் வரை தண்ணீர் பாய்வதுபோல, மேல் ஃபோல்டரின் அனுமதி அதன் கீழே எத்தனை அடுக்கு இருந்தாலும் கடைசி ஃபைல் வரை இறங்கும். ஆகவே ஒரு ஃபோல்டரைப் பகிரும்போது, இனிமேல் இதற்குள் விழப்போகும் ஃபைல்களையும் இவர்கள் பார்க்கலாமா என்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, மேலே திறந்துவிட்டு உள்ளே இருக்கும் ஒன்றை மட்டும் மூட முடியாதா? முன்பு ஒருவருடைய சொந்த டிரைவில் இது ஓரளவு முடிந்தது. மேல் ஃபோல்டரில் ஒருவருக்கு அனுமதி இருந்தாலும் உள் ஃபோல்டரில் அவர் பெயரை நீக்கலாம், அல்லது Editor ஆக இருப்பவரை Viewer ஆக்கலாம். அதனால் வந்த குழப்பம் கொஞ்சமல்ல. மேலே ஒரு பட்டியல், உள்ளே வேறொரு பட்டியல் என்று இருந்தால், எந்த ஃபைலை யார் பார்க்கிறார் என்று உரிமையாளருக்கே தெரியாமல் போகும். இப்போது விதி எளிமையாகிவிட்டது: மேலிருந்து இறங்கி வந்த அனுமதியைக் கீழே கூட்டலாம், குறைக்க முடியாது. பொருளாளருக்குச் 'சங்கம்' ஃபோல்டரில் Viewer, 'பராமரிப்புக் கணக்கு' ஃபோல்டரில் மட்டும் Editor என்று வைக்கலாம். அதிகமான அனுமதியே அங்கே செல்லும். தலைகீழாக, மேலே Editor கொடுத்துவிட்டு ஓர் உள் ஃபோல்டரில் மட்டும் அவரைப் பார்வையாளராக்க நினைத்தால் நடக்காது.

இதற்கு ஒரே ஒரு விலக்கை கூகுள் கொண்டுவந்திருக்கிறது. உள் ஃபோல்டருக்கு Limited access என்று அமைத்தால் மேலிருந்து இறங்கும் அனுமதி அங்கே நின்றுவிடும். அந்த ஃபோல்டரில் நேரடியாகச் சேர்க்கப்பட்டவர்கள் மட்டுமே திறக்க முடியும். நல்ல வசதிதான். ஆனால் ஃபோல்டருக்குத்தான் உண்டு, தனி ஃபைலுக்கு இல்லை. இன்னொன்றும் உண்டு: மேல் ஃபோல்டரைப் பார்க்க முடிந்தவர்கள் பூட்டிய ஃபோல்டரின் பெயரையும் பார்ப்பார்கள். உள்ளே போக முடியாது, பெயர் தெரியும். '302 வாடகை பாக்கி வழக்கு' என்று பெயர் வைத்திருந்தால் பூட்டிப் பயனில்லை, சொல்ல வேண்டியதைப் பெயரே சொல்லிவிடும்.

அதனால் பூட்டு போடுவதைவிட வீட்டைப் பிரித்துக் கட்டுவதே மேல். நம் செயலாளர் செய்த தவறு, ஃபோல்டர்களைப் பொருள்வாரியாக அடுக்கியது. அவர் ஆள்வாரியாக அடுக்கியிருக்க வேண்டும். 'எல்லோருக்கும்' என்று ஒரு ஃபோல்டர், அதற்கு வெளியே, பக்கத்தில், 'செயற்குழுவுக்கு மட்டும்' என்று இன்னொன்று. ஒன்றுக்குள் ஒன்று இல்லை என்பது முக்கியம். கூட்டக் குறிப்புகளும் தணிக்கை முடிந்த ஆண்டுக் கணக்கும் முதலாவதில் போகும். அதற்கு லிங்க், Viewer. ஆதார் நகல்களும், மாதாமாதம் மாறிக்கொண்டிருக்கும் கணக்குத் தாளும் இரண்டாவதில் போகும். அது Restricted, செயற்குழுவினர் ஐந்து பேரின் மின்னஞ்சல் முகவரிகள் மட்டும். தலைவர் மாறினால் ஒரு முகவரியை எடுத்துவிட்டு இன்னொன்றைச் சேர்த்தால் போதும்.

ஏற்கெனவே தவறாகப் பகிர்ந்துவிட்டதைச் சரிசெய்யும்போது ஓர் இடத்தில் கால் இடறும். 'குடியிருப்போர் ஆவணங்கள்' ஃபோல்டரை இழுத்துப் புதிய இடத்தில் போட்டவுடன், பழைய மேல் ஃபோல்டரிலிருந்து இறங்கியிருந்த அனுமதி அறுந்துவிடும். புதிய மேல் ஃபோல்டரின் அனுமதி ஏறிக்கொள்ளும். அதுவரை சரி. ஆனால் உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு ஃபைலுக்கு யாராவது எப்போதாவது தனியாக லிங்க் போட்டுக் கொடுத்திருந்தால், அந்த நேரடி அனுமதி ஃபைலோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும். மேலிருந்து வந்தது இடம் மாறினால் போய்விடும், நேரடியாகக் கொடுத்தது போகாது. ஆகவே நகர்த்திய பிறகு முக்கியமான ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து Share பெட்டியைப் பார்த்துவிட வேண்டும்.

இனி திருத்தும் அனுமதிக்கு வருவோம். Editor என்றால் எழுத்துப்பிழை திருத்துபவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஃபோல்டருக்கு Editor என்பவர் உள்ளே புது ஃபைல் போடலாம், இருப்பதை வெளியே எடுக்கலாம், பெயர் மாற்றலாம். அதைவிடப் பெரிய விஷயம், அவரே வேறு ஆட்களைச் சேர்க்கவும் முடியும். உரிமையாளர் Share பெட்டியின் மூலையில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி, Editors can change permissions and share என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்தால்தான் அது நிற்கும். சங்கத்தில் ஐந்து பேருக்கு Editor கொடுத்தால், ஆளைச் சேர்க்கும் சாவி ஐந்து பேரிடமும் இருக்கிறது என்று பொருள்.

Editor ஒருவர் மற்றவருடைய ஃபைலை ஃபோல்டரிலிருந்து எடுத்துவிட்டால் அது அழிந்துபோவதில்லை. ஃபைலுக்கு உரிமையாளர் யாரோ அவருடைய கணக்கில் அது இருக்கும். எந்த ஃபோல்டரிலும் இல்லாமல் கிடப்பதால் கண்ணில் படாது. "கணக்குத் தாள் காணாமல் போய்விட்டது" என்று பொருளாளர் பதறினால், அவர் தன் கணக்கில் நுழைந்து டிரைவின் தேடல் பெட்டியில் இதைத் தட்டிப் பார்க்கலாம்:

```
is:unorganized owner:me
```

இடமில்லாமல் கிடக்கும் ஃபைல்கள் வரிசையாக வந்து நிற்கும்.

இந்த இடத்தில்தான் எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றும் விஷயம் இருக்கிறது. பார்க்கும் அனுமதி கீழே இறங்கும், திருத்தும் அனுமதி இறங்கும், உரிமை மட்டும் இறங்காது. செயலாளரின் ஃபோல்டரில் பொருளாளர் ஒரு கணக்குத் தாளைத் தொடங்கினால், அந்தத் தாளுக்கு உரிமையாளர் பொருளாளர்தான். அது பிடிக்கும் இடமும் அவருடைய இலவச 15 ஜிபி கணக்கிலேயே சேரும். அவர் வீடு மாறிப் போய், பழைய கூகுள் கணக்கையே ஒருநாள் அழித்துவிட்டால், தாளும் அதோடு போய்விடும். செயலாளர் ஃபோல்டரின் உரிமையைப் புதிய செயலாளருக்கு மாற்றிக்கொடுத்தாலும் உள்ளே இருக்கும் ஃபைல்களின் உரிமை பழையவர்களிடமே நிற்கும். பதவி மாறும்போது சாவிக்கொத்தையும் காசோலைப் புத்தகத்தையும் கேட்டு வாங்குகிற சங்கங்கள், முக்கியமான ஃபைல்களின் உரிமையையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். உரிமையாளர் கோரிக்கை அனுப்ப வேண்டும், வாங்குபவர் அதை ஏற்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் மாறும். அலுவலகங்கள் பயன்படுத்தும் கட்டணக் கணக்கில் 'பகிர்வு டிரைவ்' என்று தனியாக ஒன்று உண்டு. அங்கே ஃபைல்கள் நிறுவனத்துக்கே சொந்தம் என்பதால் இந்தச் சிக்கல் எழாது. இலவசக் கணக்கில் ஓடும் சங்கங்களுக்கு அந்த வசதி கிடையாது.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. உரிமையாளர் தன் கணக்கில் இருந்தபடி பார்த்தால் எல்லாமே திறக்கும், எதுவும் தெரியவராது. குழுவில் போட்ட லிங்க்கை நகலெடுத்து, குரோமில் Incognito ஜன்னல் ஒன்றைத் திறந்து, அங்கே ஒட்டிப் பார்க்க வேண்டும். லிங்க் மட்டும் வைத்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு என்ன தெரியுமோ, அது அப்படியே அந்த ஜன்னலில் வரும். 'செயற்குழுவுக்கு மட்டும்' ஃபோல்டரின் முகவரியையும் அதே ஜன்னலில் ஒட்ட வேண்டும். உள்ளே போவதற்குக் கணக்கு கேட்டால் நல்லது. ஃபைல்கள் வரிசையாகத் தெரிந்தால், எங்கோ ஓர் அடுக்கில் இன்னும் திறந்திருக்கிறது.

திறந்திருந்ததை மூடிவிடலாம். ஆனால் மூடுவதற்கு முன் ஒருவர் தரவிறக்கிக்கொண்ட நகலை டிரைவால் திரும்ப வாங்க முடியாது. பார்ப்பவர்கள் தரவிறக்காமல் தடுக்கும் அமைப்பு இருக்கிறது என்றாலும், திரையைப் படம் பிடிப்பதை அது தடுக்காது. அதனால் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்தவரின் ஆதார் நகல் இருக்கும் ஃபோல்டருக்கும், அதற்கு மேலே இருக்கும் எந்த ஃபோல்டருக்கும் Anyone with the link வேண்டாம். பெயர் தெரிந்த ஐந்து பேரின் மின்னஞ்சல் முகவரியைத் தட்டிச் சேர்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.