தேவாலா குழித் தங்கத்துக்கு லண்டன் விலை!

சாரத்தில் மகளுக்கு நகை எடுக்கக் கிளம்பும் குடும்பம், முதலில் செல்போனில் பவுன் விலையைப் பார்க்கும். அந்த விலையின் வேர் லண்டனில் இருக்கிறது. அங்கே வேலை நாட்களில் இரண்டு முறை ஏலம் நடத்தி, ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் தங்கத்துக்கு டாலரில் விலை குறிக்கிறார்கள். அதை ரூபாய்க்கு மாற்றி, இறக்குமதி வரியையும் சேர்த்தால் ஏறக்குறைய நம்மூர் விலை வந்துவிடும்.

இதே விலை, நீலகிரி மாவட்டம் தேவாலா, பந்தலூர் பக்கம் திருட்டுத்தனமாகக் குழி தோண்டுபவருக்கும் தெரியும். 1880 வாக்கில் இங்கே தங்கம் கொட்டுகிறது என்று சொல்லி லண்டனில் பங்கு விற்ற நிறுவனங்கள், சில வருடங்களிலேயே கடையைக் கட்டின. அவை விட்டுப்போன சுரங்கங்களில்தான் உள்ளூர்க்காரர்கள் இப்போதும் இறங்குகிறார்கள். அனுமதி கிடையாது. மண் சரிந்து உயிர் போன சம்பவங்களும் உண்டு.

வெட்டிய வெள்ளைக்கல்லை இடித்துப் பொடியாக்கி, தண்ணீரில் அலசி, பாதரசம் விட்டுப் பிசைவார்கள். தங்கத்துகள் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். துணியில் போட்டுப் பிழிந்து, மிஞ்சும் உருண்டையைத் தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகிவிடும். அந்தப் புகை நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதைச் சமையல் அடுப்பில் செய்தால் வீட்டுக் குழந்தைகளுக்கும் கேடு.

கடைசியில் கிடைப்பது கடற்பஞ்சு போன்ற ஒரு கட்டி. அது 2 கிராம் என்று வையுங்கள். உள்ளே வெள்ளியும் மிச்சப் பாதரசமும் இருக்கும். உருக்கும்போது எடை குறைவதே அதற்கு அடையாளம். வாங்குபவர் உரைகல்லில் தேய்த்து 85 சதவீதம் என்றால், கணக்கில் வருவது 1.7 கிராம்தான். சுத்தத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்றால் மதிப்பு 17,000. ஆனால் ரசீதில்லாத சரக்கு என்பதால் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. முன்பணம் வாங்கியிருந்தால் பேரம் பேசவும் வழியில்லை.

வேடிக்கை இங்கேதான். இறக்குமதி வரி 6 சதவீதம் என்றால், அந்த 17,000 ரூபாயில் சுமார் 960 ரூபாய் வரி. இந்தத் தங்கமோ எந்தத் துறைமுகத்தையும் பார்த்ததில்லை! கட்டாத வரியும் வியாபாரியின் லாபத்தில் சேர்கிறது. 2024 ஜூலையில் அரசு வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது, கடத்தல்காரர்களோடு இவர்களின் லாபமும் சுருங்கியது.

தேவாலாவில் கிடைப்பது சொற்பம். ஆனால் உலக அளவில் புதிதாக வெட்டப்படும் தங்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆசியாவில் இப்படிச் சிறு குழிகளில் கிடைப்பதுதான். பழைய நகையோடு சேர்த்து உருக்கிவிட்டால் குழித் தங்கம் எது, கம்பெனித் தங்கம் எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

ஹால்மார்க் நகையிலுள்ள ஆறு எழுத்து, எண் குறியீட்டை BIS Care செயலியில் போட்டால், நகையின் தரமும் சோதித்த மையமும் தெரியும். எந்த மண்ணில் வெட்டியது என்பது மட்டும் அதில் இருக்காது.